தக்காளி இலைநோய் புராஜெக்ட்: வழிகாட்டச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதிய கடிதம், பார்த்துச் சொல்லுங்கள்

பாலக்கோடு நிலா

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். தக்காளி இலையைப் போனில் படம் எடுத்துக் கொடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் புராஜெக்ட். கல்லூரியில் ஒரு கைடு இருக்கிறார், ஆனால் அவருடைய பழக்கம் எல்லாம் நெட்வொர்க் பக்கம். "டேட்டாவை டவுன்லோட் பண்ணிக்கோ, தொண்ணூற்றைந்துக்கு மேல் வந்தால் ரெவ்யூவில் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலேயே தக்காளி போடுவதால் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நானே 420 படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேளாண் கல்லூரி ஒன்றில் பயிர் நோயியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் வழிகாட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவரை எனக்குத் தெரியாது. கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
>
> இன்றைய நவீன உலகில் செயற்கை நுண்ணறிவு எல்லாத் துறைகளிலும் பெரும் பங்கு வகிக்கிறது. விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு. பயிர் நோய்களால் விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்திக்கின்றனர். எனவே நான் ஆழ்கற்றல் முறையில் தக்காளி இலைநோய்களை வகைப்படுத்தும் திட்டத்தை மேற்கொண்டுள்ளேன். எனது மாதிரி 97.6 சதவீதத் துல்லியம் தருகிறது. தங்களது மேலான வழிகாட்டுதலை வழங்கி எனது திட்டம் சிறக்க உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

சரியாக இருக்கிறதா? இன்னும் மரியாதையாக எழுத வேண்டுமா?

ஓசூர் பைத்தான்

கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 420 படம் என்பது ரொம்பக் குறைவு, அதை வெளியே சொல்லாதே. முதலில் ஆக்மென்டேஷன் போடு: திருப்பு, சுழற்று, வெளிச்சத்தைக் கூட்டு குறை, நிறத்தை மாற்று. ஒரு படத்துக்குப் பத்து வரும். 4200 ஆனதும் 80க்கு 20 என்று பிரித்து டிரெயின் பண்ணினால் 99 தாண்டும். கடிதத்தில் "4200 படங்கள், 99 சதவீதம்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடு. பேராசிரியர்கள் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

பர்கூர் மாந்தோப்பு

பாப்பா, நீ படம் பார்த்து நோய் சொல்வாய் என்றால் எனக்கும் பார்த்துச் சொல்லும்மா. பெங்களூரா மாமரம் எழுபது இருக்கிறது. இலை எல்லாம் கரி பூசியது மாதிரி கறுத்துப் போச்சு. படம் அனுப்பட்டுமா? அந்தப் பேராசிரியர் நம்பர் கிடைத்தாலும் பரவாயில்லை.

பாலக்கோடு நிலா

@பர்கூர் மாந்தோப்பு ஐயா, என்னுடையது தக்காளிக்கு மட்டும்தான். அதுவும் இன்னும் அரைகுறை.

ரெவ்யூ வாத்தியார்

பதினைந்து வருஷம் இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடிதத்தின் முதல் மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டாலும் கடிதம் அப்படியே இருக்கும். பயிர் நோயியல் பேராசிரியரிடம் போய் "விவசாயம் முதுகெலும்பு" என்று சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

மரியாதை போதுமா என்று கேட்டாயே, அது போதும். எனக்கு இடறுவது அந்த 97.6. ஓசூர்த் தம்பி அதை 99 ஆக்கச் சொல்கிறார். நான் அதை நம்பலாமா என்றே கேட்கிறேன். நாலு கேள்வி:

எத்தனை இலை, எத்தனை படம்? எத்தனை தோட்டம்? டெஸ்ட்டுக்கு எப்படிப் பிரித்தாய்? இது இன்ன நோய் என்று முடிவு செய்தது யார்?

பாலக்கோடு நிலா

சார், 140 இலை. ஒரு இலைக்கு மூன்று படம், கொஞ்சம் கோணம் மாற்றி. அப்பா தோட்டத்தில் 40 இலை, மாமா தோட்டத்தில் 30, சித்தப்பா தோட்டத்தில் 30. நாலாவது ராயக்கோட்டை பக்கம் ஒரு தோழி வீட்டுத் தோட்டம், 40 இலை. அந்தப் படங்களை அவளே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மூன்று வகை: முன்பருவக் கருகல், இலைச்சுருட்டை, நல்ல இலை. எல்லாவற்றையும் கலந்து 336 டிரெயினிங், 84 டெஸ்ட். ஏற்கனவே பயிற்சி பெற்ற மொபைல்நெட் என்ற படம் அறியும் மாதிரியில் கடைசி அடுக்கை மட்டும் மாற்றினேன். 84இல் 82 சரி. நோயைச் சொன்னது அப்பாவும் நானும்.

ரெவ்யூ வாத்தியார்

நன்றி, ஒளிக்காமல் சொன்னதற்கு. கணக்கைப் பார். ஒரு இலைக்கு மூன்று படம். குலுக்கிப் போட்டு ஐந்தில் ஒன்றை டெஸ்ட்டுக்கு எடுக்கிறாய். டெஸ்ட்டுக்குப் போன ஒரு படத்தின் மற்ற இரண்டு படங்களும் டெஸ்ட்டிலேயே விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நாலுதான். அதாவது 84 படத்தில் ஏறக்குறைய 80 படத்துக்கு அதே இலையின் இன்னொரு படம் டிரெயினிங்கில் இருக்கிறது. மாதிரி அந்த இலையின் ஓட்டையையும் நரம்பையும் முன்னாலேயே பார்த்துவிட்டது. வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தது மாதிரி.

ஓசூர்த் தம்பி சொன்ன வழி இதைவிட மோசம். பத்தாகப் பெருக்கிய பிறகு பிரித்தால் மிச்சம் இருக்கும் நாலு படத்துக்கும் உடன்பிறப்பு வந்துவிடும். 99 நிச்சயம் வரும், அதற்குப் பொருள் இருக்காது. ஆக்மென்டேஷன் தப்பில்லை. பிரித்த பிறகு, டிரெயினிங் பக்கம் மட்டும் போட வேண்டும்.

தோட்டத்தை அலகாக வைத்துப் பிரி. மூன்று தோட்டத்தில் கற்கட்டும், பார்க்காத நாலாவதில் பரீட்சை. ஒவ்வொரு தோட்டமாக வெளியே வைத்து நாலு முறை ஓட்டு.

```python
from sklearn.model_selection import LeaveOneGroupOut

logo = LeaveOneGroupOut()
for tr, te in logo.split(files, labels, groups=field):
    print(field[te[0]], len(tr), len(te))
```

`field` என்பது ஒவ்வொரு படமும் எந்தத் தோட்டம் என்ற பட்டியல். வரும் எண் அசிங்கமாக இருந்தால் பயப்படாதே, இங்கே போடு.

ஓசூர் பைத்தான்

சரி சார், பெருக்கிய பிறகு பிரிக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகமே பிளாண்ட்வில்லேஜ் என்ற பொதுப் படத்தொகுப்பை வைத்துத்தான் செய்கிறது. ஐம்பத்துநாலாயிரத்துக்கு மேல் படம், 14 பயிர், 38 வகை. அதில் 99.35 வந்ததாக 2016இலேயே கட்டுரை இருக்கிறது. அதில் தக்காளி மட்டும் பத்து வகை. அதை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

ரெவ்யூ வாத்தியார்

அதே கட்டுரையைக் கொஞ்சம் தள்ளிப் படித்திருந்தால், வேறு இடத்தில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அந்த மாதிரியின் துல்லியம் 31 சதவீதம் அளவுக்கு இறங்கியது என்று அவர்களே எழுதியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். அந்தப் படங்கள் இலையைப் பறித்து ஒரே நிறத் தாள் மேல் வைத்து எடுத்தவை. 2022இல் ஒருவர் வேடிக்கையாக ஒரு சோதனை செய்தார். படத்தின் ஓரத்துப் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் புள்ளிகளை எடுத்து, இலையைக் காட்டாமலே, 38 வகைகளில் எது என்று கேட்டார். 49 சதவீதம் சரியாக வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6தான் வர வேண்டும். ஒரு நோயை ஒரு நாளில், ஒரு வெளிச்சத்தில், ஒரு தாளில் எடுத்து, இன்னொரு நோயை வேறு நாளில், வேறு வெளிச்சத்தில், வேறு தாளில் எடுத்தால் தாளே நோயின் பெயரைச் சொல்லிவிடும்.

தொடக்கப் பயிற்சிக்கு அந்தப் படங்கள் உதவும். பரீட்சைக்கு உதவாது.

பென்னாகரம் செல்வி

இது எனக்கும் நடந்தது. மூன்று வருஷம் முன்னால் கேழ்வரகுக் குலைநோய் எடுத்துச் செய்தேன். பிளாண்ட்வில்லேஜில் கேழ்வரகே கிடையாது (மாவும் மரவள்ளியும்கூடக் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள்), அதனால் சொந்தப் படம். நோய் வந்த இலையெல்லாம் சாயங்காலம் எடுத்தேன், நல்ல இலையெல்லாம் காலையில். ரெவ்யூவில் வந்திருந்த வெளி ஆசிரியர் ஒருவர் மத்தியானத்தில் ஒரு நல்ல இலையைப் பிடித்துக் காட்டினார், "குலைநோய் 94%" என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த லேப்டாப்பைத் திறக்கவே ஒரு வாரம் ஆனது.

நிலா, நீ எந்த நேரத்தில் எடுத்தாய்?

பாலக்கோடு நிலா

அக்கா, நேரம் எல்லாம் காலைதான். ஆனால் வேறொன்று செய்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாலு முறை ஓட்டினேன். அப்பா தோட்டத்தை வெளியே வைத்தால் 90. மாமா 93, சித்தப்பா 88. ராயக்கோட்டைத் தோட்டம் மட்டும் 120 படத்தில் 74 சரி. 62 சதவீதம் கூட இல்லை.

எங்கே தவறியது என்று பார்த்தேன். அங்கே கருகல் படம் 48. அதில் 19தான் சரி, 26 படத்தை நல்ல இலை என்கிறது, 3 சுருட்டை. சுருட்டைப் படம் 36இல் 22 சரி, 14 நல்ல இலை. நல்ல இலை 36இல் 33 சரி. அதாவது எதைக் காட்டினாலும் நல்ல இலை, நல்ல இலை என்கிறது.

ராத்திரி எல்லாப் படத்தையும் வரிசையாகத் திறந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. எங்கள் மூன்று தோட்டத்திலும் நோய் இலைகளைக் கிள்ளி, வெள்ளை உரச்சாக்கு மேல் வைத்து எடுத்தேன். நல்ல இலையைக் கிள்ளப் போனபோது அப்பா "நல்லா இருக்கிறதை ஏன் கிள்ளுற" என்று திட்டினார், அதனால் அவற்றைச் செடியிலேயே வைத்து எடுத்தேன். ராயக்கோட்டைத் தோழி எதையுமே கிள்ளவில்லை, எல்லாம் செடியில். என் மாதிரி உரச்சாக்கைத்தான் கற்றிருக்கிறது போல.

ரெவ்யூ வாத்தியார்

இதுதான் உன் புராஜெக்ட். பாராட்டுக்காகச் சொல்லவில்லை, அந்தப் பேராசிரியரிடம் எடுத்துப்போக உன்னிடம் இப்போதுதான் ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனி. தோட்டவாரியாகப் பிரித்தும் மூன்று தோட்டத்தில் 90 வந்ததே, ஏன்? மூன்றிலும் படம் எடுத்த பழக்கம் ஒன்று. சாக்கும் ஒன்று. வெளியே வைத்த தோட்டமும் அதே தவறைச் செய்திருந்தால் பரீட்சையில் அந்தத் தவறு தெரியாது. உன் தோழி சோம்பேறித்தனத்தில் கிள்ளாமல் விட்டதால்தான் மாட்டியது.

உறுதி செய்ய ஒரு வேலை. உங்கள் மூன்று தோட்டத்தின் 300 படத்திலும் இலையை விட்டுவிட்டு நாலு மூலையிலிருந்து சின்னச் சதுரம் மட்டும் வெட்டி, அதை வைத்தே தோட்டவாரியாக டிரெயின் பண்ணிப் பார். அந்த 300இல் கருகல் எத்தனை?

பாலக்கோடு நிலா

கருகல் 117, சுருட்டை 84, நல்லது 99. எல்லாவற்றையும் "கருகல்" என்று சொல்லிவிட்டாலே 117 சரி, 39 சதவீதம்.

மூலைச் சதுரங்களை மட்டும் காட்டியதில் 300க்கு 211 சரி. 70 சதவீதம்! நல்ல இலையில் 99க்கு 97. கருகல் 90, சுருட்டை 24, அது இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. இலையே இல்லாமல் நல்லதா நோயா என்று சொல்லிவிடுகிறது.

ஓசூர் பைத்தான்

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். ராயக்கோட்டைப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவை. வாட்ஸ்அப் படத்தை நசுக்கும், பெயரும் `IMG-20241103-WA0012.jpg` என்று மாறும், எடுத்த நேரமும் இடமும் போய்விடும், பெயரில் இருப்பது அனுப்பிய நாள்தான். நசுக்கியதில் சின்னப் புள்ளிகள் மங்கிப் போனதால்கூட 62 ஆகியிருக்கலாம் இல்லையா? சாக்குதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ரெவ்யூ வாத்தியார்

நல்ல கேள்வி. உறுதியாகச் சொல்ல முடியாது. நிலா, ராயக்கோட்டைக் கருகல் படம் 48ஐயும் பின்னணி தெரியாமல் இலையை ஒட்டி வெட்டி மறுபடி கொடுத்துப் பார். அப்புறம் உன் படங்களை நீயே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்த நகலில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்.

பாலக்கோடு நிலா

வெட்டியதில் 48க்கு 19 என்று இருந்தது 31 ஆனது. என் படங்களை வாட்ஸ்அப் வழியாக அனுப்பியதில் இரண்டு மூன்று படம்தான் மாறியது. மிச்சம் 17 ஏன் தவறுகிறது என்று தெரியவில்லை. அங்கே வேறு ரகத் தக்காளி, அது காரணமா என்றும் தெரியவில்லை.

பழைய நோயியல்

நான் பயிர் நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் மாதிரி தவறியது என்றே பேசுகிறீர்கள். அந்த 17 படத்தில் இருப்பது கருகல்தான் என்று யார் சொன்னது?

முன்பருவக் கருகல் என்றால் முதலில் அடியில் இருக்கும் முதிர்ந்த இலையில் வரும். பழுப்புப் புள்ளிக்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு தெரியும், சுற்றி மஞ்சள். அது ஆல்டர்நேரியா பூஞ்சாணம். பாக்டீரியா புள்ளியும் பழுப்புதான், ஆனால் சின்னது, எண்ணெய் பட்டது போல ஈரமாகத் தெரியும், வட்டக் கோடு இருக்காது. செப்டோரியா என்று ஒன்று, நடுவில் சாம்பல் நிறம், அதில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி. தோட்டத்தில் நின்று பார்த்தால் மூன்றையும் "கருகல்" என்றுதான் சொல்வார்கள். மருந்து ஒன்றல்ல. பெரும்பாலான பூஞ்சாண மருந்துகளைப் பாக்டீரியாவுக்கு அடித்தால் காசுதான் போகும்.

சுருட்டையும் அப்படியே. வெள்ளை ஈ பரப்பும் வைரஸாலும் சுருளும். பெங்களூரு பெயரிலேயே ஒரு தக்காளிச் சுருட்டை வைரஸ் இருக்கிறது, நமக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வயலில் களைக்கொல்லி 2,4-D அடித்துக் காற்றில் வந்தாலும் தக்காளி இலை சுருளும். கடும் வெயிலில் அடி இலை சுருண்டு, மற்றபடி செடி நன்றாகவே இருக்கும். படத்தில் மூன்றும் சுருட்டை.

உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை அம்மா. பத்து இலை கொடுத்தால் எனக்கும் கண்ணால் பார்த்து இரண்டு தவறும்.

பாலக்கோடு நிலா

ஐயா, அப்போ எப்படி உறுதி செய்வது?

பழைய நோயியல்

புள்ளியை உறுதி செய்வது கஷ்டமில்லை. இலையை ஈரமான பஞ்சு அல்லது டிஷ்யூ வைத்த டப்பாவில் ஒரு நாள், இரண்டு நாள் மூடி வைத்தால் பூஞ்சாணம் வித்து விடும். மைக்ராஸ்கோப்பில் ஆல்டர்நேரியா வித்து தெளிவாகத் தெரியும், கதாயுதம் போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் நீண்ட வால், உள்ளே குறுக்கும் நெடுக்கும் சுவர். பாக்டீரியா என்றால் புள்ளியின் ஓரத்தை வெட்டித் தண்ணீர்ச் சொட்டில் வைத்துப் பார்த்தால் பால் கசிவது போல் வெளியே வரும். வைரஸ் மட்டும் இப்படித் தெரியாது, பிசிஆர் வேண்டும். அதை உன் புராஜெக்ட்டில் செய்ய முடியாது. அதனால் "சுருட்டை வைரஸ்" என்று பெயர் வைக்காதே. "சுருண்ட இலை" என்று மட்டும் வை.

பேராசிரியரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். வழிகாட்டுங்கள் என்றால் என்ன செய்வார் அவர்? "சரி அம்மா, நன்றாகச் செய்" என்பார். நாற்பது இலையைப் பார்த்துத் தாருங்கள் என்று கேட்டால் அவரால் அதைச் செய்துகொடுக்க முடியும்.

இன்னொன்று. ஓசூர்த் தம்பி நிறத்தை மாற்றிப் படம் பெருக்கச் சொன்னார். மஞ்சளே இங்கே அறிகுறி. மஞ்சளைப் பச்சையாக்கிவிட்டு நோய் என்று கற்றுக்கொடுத்தால் என்ன கற்கும்?

@பர்கூர் மாந்தோப்பு, அந்தக் கரியை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலோடு வந்தால் அது கரும்பூஞ்சாணம். இலையைத் தின்பதில்லை. தத்துப்பூச்சியோ மாவுப்பூச்சியோ வடிக்கும் இனிப்புக் கசிவின் மேல் வளர்கிறது. பூச்சியை அடக்காமல் கரிக்கு மருந்து அடித்துப் பயனில்லை.

பர்கூர் மாந்தோப்பு

தேய்த்தேன், வந்துவிட்டது ஐயா. பூங்கொத்துகிட்டே போனாலே பூச்சி முகத்தில் அடிக்குது. கம்ப்யூட்டர் என்றால் "கறுப்பு நோய்"னு சொல்லியிருக்கும் போல.

ஓசூர் பைத்தான்

நிறம் பற்றிச் சொன்னது சரி ஐயா. வெளிச்சம் மட்டும் மாற்றலாம். ஆனால் "சுருண்ட இலை" என்று ஒரு வகை வைத்தால் அதனால் விவசாயிக்கு என்ன பயன்? அதோடு "மற்றவை" என்று நாலாவது வகை வைத்துவிட்டால் பாக்டீரியா, செப்டோரியா எல்லாம் அதில் போய்விடும்.

ரெவ்யூ வாத்தியார்

"மற்றவை" என்ற வகையில் எதைப் படமாகக் கொடுப்பாய்? உலகத்தில் கருகலும் சுருட்டையும் அல்லாத எல்லாமே மற்றவைதான். பத்துப் படம் கொடுத்தால் அந்தப் பத்தைத்தான் கற்கும். அதைவிட, மாதிரிக்கு உறுதி குறைவாக இருந்தால் பதில் சொல்லாமல் "தெரியவில்லை, இலையைக் காட்டுங்கள்" என்று சொல்ல வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஓசூர் பைத்தான்

செல்வி அக்காவின் மாதிரி தப்பான பதிலை 94 சதவீத உறுதியோடு சொன்னதே சார்? உறுதி குறைந்தால்தானே நிறுத்தும்?

ரெவ்யூ வாத்தியார்

ம். அது உண்மைதான். அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

பென்னாகரம் செல்வி

நிலா, கடிதத்தைத் திருப்பி எழுதினாயா? ஒரு பக்கம் தாண்டாதே. நான் எழுதிய கடிதம் மூன்று பக்கம், பதிலே வரவில்லை. துறைத்தலைவர் வழியாக அனுப்பு. வெளி நிறுவனத்தில் ஆய்வகத்துக்குள் விட அதைக் கேட்பார்கள், கல்லூரியில் படிக்கிறாய் என்று போனஃபைடும் வாங்கி வை. கல்லூரிக் கைடு பெயரையும் போடு. போடாவிட்டால் அவருக்குத் தெரியாமல் போனதாக அங்கே ஒரு வருத்தம் கிளம்பும்.

பாலக்கோடு நிலா

எழுதியிருக்கிறேன். துறைத்தலைவர் பெயர், கல்லூரிப் பெயர், கைடு பெயர் எல்லாம் இங்கே எடுத்துவிட்டேன்.

> வழி: துறைத்தலைவர், கணினி அறிவியல் துறை
>
> பொருள்: தக்காளி இலைப் படங்களின் நோய்ப் பெயர்களைச் சரிபார்க்க உதவி கோருதல்
>
> ஐயா,
>
> நான் பாலக்கோட்டைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவி. வீட்டில் தக்காளி பயிரிடுகிறோம். போனில் எடுத்த படத்தைக் கொண்டு கருகல் இலை, சுருண்ட இலை, நல்ல இலை மூன்றையும் பிரிக்க முயல்கிறேன். கல்லூரியில் எனக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார்; அவர் பெயர் கீழே உள்ளது.
>
> நாலு தோட்டங்களில் 140 இலைகளை 420 படங்களாக எடுத்தேன். கலந்து பிரித்தபோது 97.6 சதவீதம் வந்தது. பார்க்காத ஒரு தோட்டத்தில் சோதித்தபோது 62 சதவீதமாக இறங்கியது. நோய் இலைகளை மட்டும் சாக்கின் மேல் வைத்து எடுத்தது ஒரு காரணம் என்று கண்டேன். அதைச் சரிசெய்து, எல்லா இலைகளையும் செடியிலேயே வைத்து மறுபடி எடுத்துவருகிறேன்.
>
> இன்னொரு காரணம் என்னால் சரிபார்க்க முடியாதது. இலைகளுக்கு நோய்ப் பெயர் வைத்தது என் தந்தையும் நானும். கருகல் என்று நாங்கள் சொன்னவற்றில் பாக்டீரியா புள்ளியோ செப்டோரியாவோ கலந்திருக்கலாம்.
>
> தங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, நான் கொண்டுவரும் 40 இலைகளைத் தாங்களோ தங்கள் ஆய்வக மாணவர் ஒருவரோ பார்த்து நோய்ப் பெயரை உறுதி செய்ய ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டு, எந்த இரண்டு நோய்களை மாற்றிச் சொன்னால் விவசாயிக்கு அதிக நட்டம் என்று தாங்கள் சொன்னால் அதை வைத்து என் வகைகளை மாற்றிக்கொள்வேன்.
>
> தங்களுக்கு வசதியான நாளில் நேரில் வருகிறேன்.

ரெவ்யூ வாத்தியார்

62ஐக் கடிதத்தில் போட்டாயே, அதற்கே ஒரு சலாம். உன் கல்லூரியில் யாராவது "ஏன் குறைந்த நம்பரை எழுதினாய்" என்று கேட்பார்கள். கேட்டால் மூலைச் சதுரக் கணக்கைக் காட்டு.

ஓசூர் பைத்தான்

97.6ஐயே எடுத்துவிட்டு 62ஐ மட்டும் எழுதலாமே? இரண்டையும் பார்த்தால் குழப்பம் வராதா?

பழைய நோயியல்

இரண்டும் இருக்கட்டும். இறங்கியது தெரிந்தால்தான் ஏன் வந்தாள் என்று அவருக்குப் புரியும். "உதவி கோருதல்" என்பதை மட்டும் "வேண்டுதல்" என்று மாற்றினால் காதுக்கு நன்றாக இருக்கும், அது என் வயசுப் பழக்கம்.

பாலக்கோடு நிலா

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. "வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வரவும். படம் வேண்டாம், இலைகளைக் கொண்டு வரவும்." போனஃபைடும் கேட்டிருக்கிறார்.

ஐயா, பாலக்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். இலை வாடாமல் எப்படிக் கொண்டு போவது? ஈரத்துணியில் சுற்றலாமா?

பழைய நோயியல்

ஈரத்துணி வேண்டாம், போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். அப்புறம் எது நோய் எது அழுகல் என்று அவராலும் சொல்ல முடியாது. காலையில் பனி காய்ந்த பிறகு பறி. தனி இலையாக இல்லாமல் காம்போடு கூட்டிலையாகப் பறி. ஒவ்வொன்றையும் நாளிதழ்த் தாளுக்கு இடையே தட்டையாக வைத்து, தாளின் மேல் தோட்டம், செடி எண், அடி இலையா நுனி இலையா என்று பென்சிலில் எழுது, பேனா கசியும். எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து மடியிலேயே வைத்துக்கொள். பஸ்ஸில் மேலே போடாதே.

பறிப்பதற்கு முன்னால் செடியில் வைத்து ஒரு படம் எடுத்துவிடு. அதே எண்ணோடு.

பாலக்கோடு நிலா

சரி ஐயா. நல்ல இலையும் பத்து பறிக்க வேண்டும், அப்பாவிடம் இன்றைக்கே சொல்லி வைக்கிறேன்.